பிராட்லி - டெரி மாதிரியுரு: சந்திக்காத அணிகளை ஒப்பிடல்

உரும்பிராயில் அ, ஆ, இ என மூன்று கரப்பந்தாட்ட அணிகள் உள்ளன எனக் கொள்வோம். அ, ஆவுடன் ஆடிய 9 போட்டிகளில் 6இல் வென்றது. ஆ, இயுடன் ஆடிய 8 போட்டிகளில் 6இல் வென்றது. அ, இ இரண்டும் சந்திக்கவில்லை. சந்தித்தால் எது வெல்லும்?

வெற்றி வீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இயுடன் ஆ பெற்ற 75% வெற்றி, ஆவுடன் அ பெற்ற 67% வெற்றியிலும் கூடியது. ஆனால் எதிரணிகள் வேறு.

1952இல் பிராட்லி, டெரி ஆகியோர் வெளியிட்ட முறையில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வலிமை எண் உண்டு. ஓர் அணி வெல்லும் நிகழ்தகவு, அதன் வலிமையை இரு அணிகளின் வலிமைக் கூட்டுத்தொகையால் வகுக்கக் கிடைக்கும்.

இங்கு அ : ஆ = 6 : 3 = 2 : 1. ஆ : இ = 6 : 2 = 3 : 1. எனவே அ : ஆ : இ = 6 : 3 : 1. இயை அ வெல்லும் நிகழ்தகவு 6/7, அதாவது ஏறத்தாழ 0.86.

இ ஒரு போட்டியிலேனும் வென்றிராவிட்டால் விகிதம் 8 : 0 ஆகும், இயின் வலிமை பூச்சியமாகிவிடும். அது இயலாமையன்று, தரவின் குறைபாடு. கரப்பந்தாட்டத்தில் சமநிலை இல்லை; உதைபந்தாட்டத்துக்கு இச்சூத்திரம் அப்படியே பொருந்தாது.