மழைக்காலத்தில் வேர்க்கொம்புக் கோப்பி: எப்படிப் போடுவது, யார் கவனமாக இருக்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் வீடுகளில் தடிமனும் தொண்டைக் கரகரப்பும் தொடங்கிவிடும். கூடவே அடுப்பில் வேர்க்கொம்புக் கோப்பியும் ஏறும். தடிமனுக்கு இதமான இந்தக் கோப்பியை எல்லாக் காய்ச்சலுக்கும் மருந்தாக நம்பிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

தயாரிக்கும் முறை

காய்ந்த இஞ்சிதான் வேர்க்கொம்பு, அதாவது சுக்கு. இஞ்சி காயும்போது அதிலுள்ள காரச்சத்தின் ஒரு பகுதி இன்னும் உறைப்பான சத்தாக மாறுகிறது. அதனால் பச்சை இஞ்சி போடும் அளவுக்கு வேர்க்கொம்பு போடக்கூடாது.

வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். நல்லது சட்டென்று முறியும், மணக்கும். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அது பூச்சி அரித்தது. வெள்ளையாகத் தெரிவதற்காகச் சிலவற்றில் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கும். எனவே தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுப் பாவிப்பது நல்லது.

இரண்டு பேருக்கு மூன்று கோப்பை தண்ணீர் எடுங்கள். பெருவிரலின் மேற்கணு அளவான வேர்க்கொம்புத் துண்டு ஒன்றையும் ஆறேழு மிளகையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். விரும்பினால் ஒரு மேசைக்கரண்டி வறுத்த மல்லியும் சேர்க்கலாம். மூன்று கோப்பை இரண்டாக வற்றும்வரை மெல்லிய நெருப்பில் கொதிக்க விடுங்கள். இறக்குவதற்கு முன் அரைத் தேக்கரண்டி கோப்பித்தூள் போட்டு, மூடி வைத்து, இரண்டு நிமிடத்தில் வடியுங்கள். இரவில் குடிப்பதென்றால் கோப்பித்தூள் வேண்டாம், நித்திரை கெடும்.

பனங்கட்டியில் மணலும் ஓலைத் துணுக்கும் இருக்கலாம். ஆளுக்கு 20 கிராம் எடுத்து, கொஞ்சம் சுடுநீரில் தனியாகக் கரைத்து வடித்துக் கலக்குங்கள். குடிக்கும்போது தொண்டை எரிந்தால் வேர்க்கொம்பு கூடிவிட்டது. அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள்

“சீனிதான் கூடாது, பனங்கட்டி பரவாயில்லை” என்பது எங்கள் ஊர்களில் ஊறிப்போன நம்பிக்கை. பனங்கட்டியின் பெரும்பகுதியும் சீனிச்சத்துத்தான். மேலே சொன்ன 20 கிராமில் ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி சீனி இருக்கிறது. காலை, பின்னேரம், இரவு என்று மூன்று கோப்பை குடித்தால் பன்னிரண்டு தேக்கரண்டி. கிளினிக்கில் குருதிச் சீனி ஏன் கூடியது என்று கேட்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டி இல்லாமலே குடிக்கலாம்.

மருந்து எடுப்பவர்கள்

இதய நோய்க்கோ பக்கவாதத்திற்கோ வார்பரின், குளோப்பிடோகிறல், அஸ்பிரின் போன்ற குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இதை நாள்தோறும் குடிக்க முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இஞ்சிக்கும் அதே திசையில் செயற்படும் தன்மை இருப்பதால் குருதிக்கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடலாம். முரசில் இரத்தம் கசிந்தாலோ, அடிபடாத இடத்தில் கண்டல் தெரிந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ கோப்பியை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர்களும் இதைக் குடிப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மிளகு சில மருந்துகள் உடலில் சேரும் அளவைக் கூட்டக்கூடியது. வலிப்புக்கான பெனிற்ரொயின் அவற்றில் ஒன்று. அதை எடுப்பவர்கள் மிளகைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

இரைப்பை அழற்சி, நெஞ்செரிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் அடர்த்தியாகக் காய்ச்சியதைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல் என்றால்

இதே மழைக்காலம்தான் டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் உரிய காலம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகளும் ஏற்பட்டன. அந்த நோயில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நேரத்துடன் தொடங்குவது முக்கியம். வயலில், வெள்ளநீரில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் கோப்பி குடித்துப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கும்படி வைத்தியர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோயாளி வாந்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்த கோப்பியா என்று பிரித்தறிய முடியாது. அந்த நாட்களில் இளநீர், கஞ்சி, ஜீவனி போதும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ ஐபுபுரூபெனோ எடுக்கக்கூடாது.

தும்மலும் தொண்டைக் கரகரப்பும் மட்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பை குடியுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கோப்பியை விட்டுவிட்டு வைத்தியரிடம் போய் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் என்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த இரண்டு நாளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.