கூட்டுவதா, ஒட்டுவதா?

ஜாவாவில் `+` குறிக்கு இரண்டு வேலைகள் உண்டு. இருபுறமும் எண் இருந்தால் கூட்டும். ஒருபுறமாவது ஸ்டிரிங், அதாவது இரட்டை மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர், இருந்தால் மறுபுறத்தையும் ஸ்டிரிங்காக மாற்றி இரண்டையும் ஒட்டிவிடும்.

```java
System.out.println(1 + 2 + " பழம்");
System.out.println("பழம் " + 1 + 2);
```

முதல் வரி `3 பழம்` என்று அச்சிடும். இரண்டாவது வரி `பழம் 12` என்று அச்சிடும். ஒரே வரியில் பல `+` வந்தால் இடமிருந்து வலமாக, இரண்டிரண்டாகவே கணக்கு நடக்கும். முதல் வரியில் 1, 2 என்ற எண்கள் முதலில் சந்தித்து 3 ஆகின்றன. உரை அதன் பிறகுதான் வருகிறது. இரண்டாவதில் உரை முந்திக்கொண்டு 1-ஐ ஒட்டிக்கொள்கிறது. கையில் இருப்பது இப்போது `பழம் 1` என்ற ஸ்டிரிங். அடுத்த 2 வரும்போது கூட்டுவதற்கு எண் எதுவும் மிச்சமில்லை.

பில் போடும் நிரலில் இது காசு விஷயம். விலை 250, டெலிவரி கட்டணம் 40 என்று வைத்துக்கொண்டால்,

```java
"மொத்தம்: " + vilai + kattanam
```

என்ற வரி 290-க்குப் பதில் `25040` என்று காட்டும். இதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். டெலிவரி இலவசமாக இருக்கும் நாளில் கட்டணம் 0. திரையில் வருவது `2500`. பார்ப்பதற்கு நியாயமான தொகை, யாருக்கும் சந்தேகம் வராது. கம்பைலரும் வாய் திறக்காது, ஏனெனில் எழுதியது செல்லுபடியாகும் ஜாவாதான்.

பெருக்கல் இந்தக் குழப்பத்தை இன்னும் மறைக்கிறது. `*` குறிக்கு `+` குறியைவிட முன்னுரிமை அதிகம். அதனால் `"மொத்தம்: " + 250 * 2` சரியாகவே 500 காட்டும். அதைப் பார்த்துப் பழகியவர் கூட்டலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுவார். கழித்தல் அந்த வகையில் யோக்கியமானது: `"மீதி: " + 250 - 40` என்றால் ஸ்டிரிங்கிலிருந்து எண்ணைக் கழிக்க முடியாது என்று கம்பைலரே நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மருந்து அடைப்புக்குறிதான்:

```java
"மொத்தம்: " + (vilai + kattanam)
```

பிஎச்பி மொழியில் ஒட்டுவதற்கென்றே புள்ளி தனியாக இருந்தும் வம்பு தீரவில்லை. பதிப்பு 7 வரை புள்ளிக்கும் `+` குறிக்கும் ஒரே முன்னுரிமை. ஆகவே `"மொத்தம்: " . 250 + 40` என்பதில் முதலில் ஒட்டுதல் நடந்து, எண்ணாகப் படிக்க முடியாத அந்த உரை 0 என்று கொள்ளப்பட்டு, விடையாக வெறும் 40 வந்தது. 2020-இல் வந்த பதிப்பு 8 முன்னுரிமையையே மாற்றியது. இப்போது கூட்டல் முந்தி, அதே வரி `மொத்தம்: 290` என்று காட்டுகிறது.