342-ஆ, 333-ஆ?

"ஒருத்தர் டேட்டாவைச் சுத்தம் பண்றது, ஒருத்தர் படம் போடுறது, ஒருத்தர் கணக்குப் போடுறது, ஒருத்தர் எழுதுறதுன்னு இந்தத் தடவை பிரிக்க வேண்டாம். முதல் ஆள் தப்புப் பண்ணினா மத்த மூணு பேரும் அதுமேலேயே கட்டிட்டுப் போயிடுவோம். முக்கியமான கணக்கை ரெண்டு பேர் தனித்தனியா போடட்டும். ஒருத்தர் ஸ்கிரிப்ட்டை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. மூணாவது ஆள் அந்த விடையைப் பார்க்காம படம் மட்டும் வரையட்டும். நாலாவது ஆள் எழுதட்டும். எழுதின ஒவ்வொரு எண்ணையும் கடைசியில திரும்ப ஓட்டிப் பார்க்கட்டும்."

புள்ளியியல் வகுப்பில் குழு வேலை செய்யும் நால்வரில் ஒருவர் மற்ற மூவருக்கும் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் எடுத்திருப்பது, உலகெங்கும் வகுப்பறைகளில் புழங்கும் பெங்குவின் தரவு. அண்டார்க்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை கிரிஸ்டன் கோர்மனும் உடன் பணியாற்றியவர்களும் அளந்தது. அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என மூன்று இனங்கள். மொத்தம் 344 பறவைகள். மாணவர்களின் கேள்வி எளியது: அலகு நீளமாக இருக்கும் பறவைக்கு அது தடிமனாகவும் இருக்குமா?

தனித்தனியாகக் கணக்கிட்ட இருவரும் ஒட்டுறவுக் கெழுவைத்தான் முதலில் ஒப்பிட நினைப்பார்கள். அதற்கு முன் ஒப்பிட வேண்டியது, எத்தனை பறவைகளை வைத்துக் கணக்கிட்டோம் என்பதை. இங்கே ஒருவருக்கு 342, மற்றவருக்கு 333.

```r
library(palmerpenguins)
sum(!is.na(penguins$bill_depth_mm))  # 342
nrow(na.omit(penguins))              # 333
```

இரண்டு பறவைகளுக்கு அளவுகளே பதிவாகவில்லை. அவற்றை இருவருமே விட்டுவிட்டார்கள். மேலும் ஒன்பது பறவைகளுக்கு அலகின் அளவுகள் இருக்கின்றன, ஆணா பெண்ணா என்பது மட்டும் பதிவில் இல்லை. `na.omit` ஒரு வரிசையில் எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் முழு வரிசையையும் தள்ளிவிடும். கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காலிக் கட்டத்தால் ஒன்பது பறவைகள் காணாமல் போயின. அதனால் இந்தக் கேள்விக்கு 342தான் சரி. ஆண், பெண் அலகுகளை ஒப்பிடுவது அடுத்த கேள்வியாக இருந்தால் 333 சரியாகிவிடும்.

கெழுவை மட்டும் பார்த்திருந்தால் இது சிக்கியிருக்காது. ஒருவருக்கு –0.235, மற்றவருக்கு –0.229. ஏறக்குறைய ஒன்றுதான் என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். செய்தியில் இதற்கும் ஒரு வரி இருந்தால் நல்லது: எண் ஒத்துப்போகாவிட்டால் யாரும் சத்தமில்லாமல் தன் விடையை மாற்றக் கூடாது, எந்தெந்த வரிசைகளால் வித்தியாசம் வந்தது என்று சுட்டிக்காட்டும் வரை தேட வேண்டும். நன்றாகப் படிக்கிறவர் என்று பெயரெடுத்தவரின் விடைக்கு மற்றவர் தன் விடையை வளைத்துக்கொள்வது குழு வேலையில் சாதாரணமாக நடப்பது. அது நடந்துவிட்டால் இரட்டைக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

சரி, இப்போது இருவரும் 342 பறவைகளுடன் –0.235-க்கு வந்துவிட்டார்கள். அலகு நீள நீளத் தடிமன் குறைகிறது என்று எழுதிவிடலாமா? கணக்கில் பிழை இல்லை, ஆனாலும் முடிவு தவறு. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிடுவது கைப்பிழையைப் பிடிக்கும். இருவரும் ஒரே மாதிரி யோசித்ததால் வந்த பிழையை அது பிடிக்காது. மூன்று இனங்களையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிடலாம் என்று இருவருமே கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ஆளின் வேலை இங்கேதான் பயன்படுகிறது. அவருக்கு விடை தெரியாது, கேள்வி மட்டும் தெரியும். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புள்ளி வைத்து, இனத்துக்கு ஒரு நிறம் கொடுத்து வரைகிறார். மூன்று கூட்டங்களாகப் புள்ளிகள் பிரிகின்றன. ஒவ்வொரு கூட்டமும் இடமிருந்து வலமாக மேலே ஏறுகிறது. அடேலியின் அலகு குட்டை, ஆனால் தடிமன் அதிகம். ஜென்டூவின் அலகு நீளம், ஆனால் மெல்லியது. இந்த இரண்டு கூட்டங்களும் எதிரெதிர் மூலைகளில் கிடப்பதால், மொத்தத்துக்கும் ஒரே கோடு போட்டால் அது கீழே சரிகிறது. புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சனின் முரண் என்று பெயர். படம் வரைபவருக்கு –0.235 முன்பே தெரிந்திருந்தால், நிறம் கொடுக்காமல், கீழே சரியும் கோட்டை மட்டும் வரைந்து கொடுத்திருக்கக்கூடும். அவருக்கு விடையைச் சொல்லாமல் வைத்தது அதற்காகத்தான்.

இனவாரியாகப் பிரித்ததும் முதல் இருவரும் மறுபடி தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். இம்முறையும் எண்ணிக்கைதான் முதலில்: அடேலி 151, சின்ஸ்ட்ராப் 68, ஜென்டூ 123, கூட்டினால் 342. கெழுக்கள் முறையே 0.39, 0.65, 0.64. மூன்றும் நேர்க்குறி.

நான்காவது ஆள் அறிக்கையில் இந்த மூன்று கெழுக்களையும் அவற்றின் எண்ணிக்கையோடு தருகிறார். பழைய –0.235-ஐயும் அவர் அழித்துவிடக் கூடாது. இனங்களைப் பிரிக்காமல் கணக்கிட்டால் என்ன வரும், ஏன் வரும் என்ற விளக்கத்துடன் அது படத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.