அன்னாசிப்பூத் தண்ணீர்: பிரியாணிக்கு மணம், பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து

“பிறந்து நாற்பது நாள் ஆன பேரனுக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. சாயங்காலம் ஆனால் ஒரே அழுகை. சோம்புத் தண்ணீர் கொடுக்கலாம் என்கிறார்கள். மளிகைக் கடையில் நட்சத்திர சோம்பு என்று அன்னாசிப்பூவைக் கொடுத்தார்கள். இதையே காய்ச்சிக் கொடுக்கலாமா?” அல்லிநகரத்திலிருந்து ஒரு பாட்டி கேட்கும் கேள்வி இது.

கொடுக்கவே கூடாது என்பதுதான் பதில். அந்தப் பூ நல்ல பூவாகவே இருந்தாலும் கூடாது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. சோம்பு என்று நாம் சொல்லும் பெருஞ்சீரகம் ஒரு செடியின் விதை. நட்சத்திர சோம்பு என்கிற அன்னாசிப்பூ ஒரு மரத்தின் காய். வாசனை ஒன்றுபோல இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, இரண்டுக்கும் உறவு கிடையாது. அது பூவும் இல்லை, அன்னாசிக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. பெயர் குழம்பினால்கூடப் பரவாயில்லை. இந்தக் காயிலேயே நல்லதும் கெட்டதும் ஒரே முகத்தோடு இருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ தென்சீனாவிலும் வியட்நாமிலும் விளைகிறது. அதன் தாவரப் பெயர் இல்லிசியம் வீரம். அதே குடும்பத்தில் ஜப்பானில் வளரும் மரம் இல்லிசியம் அனிசாட்டம். ஜப்பானியர் அதை ‘ஷிகிமி’ என்பார்கள். கோயில்களிலும் கல்லறைகளிலும் அதை நட்டு வைப்பார்கள். இலையையும் பட்டையையும் ஊதுபத்திக்குப் பயன்படுத்துவார்கள். வாயில் வைக்க மாட்டார்கள். அந்தக் காயை அந்நாட்டுச் சட்டமே விஷப்பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் காய்ந்து உதிர்ந்தபின் அதுவும் எட்டு இதழ் நட்சத்திரம்தான்.

அந்தக் காயில் இருக்கும் விஷத்துக்கு அனிசாட்டின் என்று பெயர். நம் மூளையில் நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்காமல் பிடித்து நிறுத்த ஒரு பிரேக் இருக்கிறது. அனிசாட்டின் அந்தப் பிரேக்கைப் பிடிக்க விடாமல் செய்துவிடும். அதனால்தான் வாந்தி, நடுக்கம், கடைசியில் வலிப்பு வருகிறது. தண்ணீரில் கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கஷாயத்தில் அது இறங்கிக் குடிப்பவர் வயிற்றுக்குத்தான் போகும்.

இது நடந்த கதை. 2001 செப்டம்பரில் நெதர்லாந்து நாட்டில் ஒரு மூலிகைத் தேநீரைக் குடித்த 63 பேருக்கு, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்தன. 22 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர்களில் 16 பேருக்கு உடம்பெல்லாம் வெட்டி இழுக்கும் வலிப்பு. தேநீரில் இருந்த அன்னாசிப்பூவைச் சோதித்தபோது ஜப்பான் காய் கலந்திருந்தது தெரியவந்தது. அவ்வளவு பேரும் ஒரே பொருளைக் குடித்து ஒன்றாகப் படுத்ததால்தான் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும்?

அப்படி வீட்டுக்கு ஒன்றாக வந்த கதை அமெரிக்காவின் மயாமி நகரத்தில் நடந்தது. அங்குள்ள லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில், குழந்தைக்கு வயிறு வலித்தால் அன்னாசிப்பூத் தண்ணீர் கொடுப்பது பாட்டி காலத்துப் பழக்கம். நம் வீடுகளில் ஓமத் தண்ணீர், உரைமருந்து என்பதுபோலத்தான். இரண்டு ஆண்டுக் காலத்தில் ஏழு குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தன. மூத்தது பன்னிரண்டு வாரம், இளையது இரண்டு வாரம். குழந்தை திடுக்திடுக்கென்று தூக்கிப்போடும், எரிச்சலாக அழும், வாந்தி எடுக்கும், கண்மணி தானாக ஆடும். சிலவற்றுக்கு வலிப்பும் வந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று துருவிக் கேட்டபோதுதான் அந்தத் தண்ணீர் வெளியே வந்தது. அதை மருந்தாகவோ உணவாகவோ அந்தத் தாய்மார்கள் நினைத்ததே இல்லை. வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தார்கள். நல்லவேளையாக அந்தக் குழந்தைகள் தேறிவிட்டன. இந்த விவரம் 2004இல் குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்தது.

அதற்கு முன்பே, 2003 செப்டம்பரில், அன்னாசிப்பூத் தேநீரை யாரும் குடிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை எச்சரித்தது. பாதிக்கப்பட்டவர்களாக அப்போது தெரிந்த சுமார் 40 பேரில் 15 பேர் கைக்குழந்தைகள்.

“நம் கடைக்கு ஜப்பான் காய் எங்கே வரப்போகிறது?” என்று கேட்கலாம். ஜப்பான் வரை போக வேண்டாம். அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங், மேற்குக் காமெங் மலைகளில் இதே குடும்பத்து மரம் ஒன்று உண்டு. மோன்பா மக்கள் அதை ‘லிஸ்ஸி’ என்கிறார்கள். காட்டில் உதிர்ந்த காயைப் பொறுக்கிக் காயவைத்து விற்கிறார்கள். அதுவும் நட்சத்திரம்தான், ஆனால் கசக்கும். இதழ் பெரும்பாலும் எட்டுக்கு மேல் இருக்கும். பிரியாணிப் பூவும் அதுவும் ஒன்றல்ல. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது வியாபாரி காயைக் கையில் அள்ளிப் பார்த்துத்தான் விலை கேட்பார். அன்னாசிப்பூவுக்கு அந்த வாய்ப்பு நமக்கு இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையாத பொருள் அது. மூட்டை எந்தக் காட்டிலிருந்து புறப்பட்டது, வழியில் எத்தனை கை மாறியது என்பது சில்லறைக் கடைக்காரருக்கே தெரியாது.

முழுக் காயாக இருந்தால் ஓரளவு பார்த்துச் சொல்லலாம். நல்ல காயின் இதழ்கள் படகுபோலத் தடித்திருக்கும், நுனி மொட்டையாக இருக்கும். உடைத்தால் இனிப்பாகச் சோம்பு மணக்கும். ஜப்பான் காய் கொஞ்சம் சிறியது. இதழ் மெலிந்து, நுனி கூர்மையாகி, கொக்கிபோல மேலே வளைந்திருக்கும். வாசனை சோம்பாக இருக்காது, சூடமோ ஏலமோ போல அடிக்கும். ஆனால் இந்த அடையாளங்களை நம்பிக் கஷாயம் வைக்க முடியாது. ஒரு கிலோ நல்ல காயோடு கால் கிலோ கெட்ட காய் கலந்தால், நல்லதன் மணம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். உடைந்த துண்டில் நுனி எங்கே, இதழ் எத்தனை? பொடி ஆகிவிட்டால் ஆய்வுக்கூடத்தில்தான் பிரிக்க முடியும்.

இன்னொன்று. நல்ல காயிலும் அனிசாட்டினுக்குத் தம்பி முறையான பொருட்கள் மிகக் குறைந்த அளவில் உண்டு. வீட்டு அண்டாவில் அரிசியோடு ஒன்றிரண்டு பூ போட்டுப் பெரியவர்கள் சாப்பிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது. நாலு கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பூவைச் சுண்டக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டுவது வேறு. அந்தக் கல்லீரலும் மூளையும் இன்னும் முற்றவில்லை. எத்தனை பூ, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கொதி என்பதெல்லாம் அன்றைக்குக் காய்ச்சும் கையைப் பொறுத்தது. அதற்கு அளவு சொல்ல யாராலும் முடியாது.

அல்லிநகரத்துப் பாட்டியின் பேரனுக்கு வருவது பெரும்பாலும் ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும் அழுகை. பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விடவைக்கலாம், மடியில் குப்புறக் கிடத்தி முதுகைத் தடவலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எந்தத் தண்ணீரும் வேண்டாம். பெருஞ்சீரகத் தண்ணீருக்கும் இதே பதில்தான். காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் அது வெறும் உப்புசம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் உடனே நிறுத்துங்கள். குழந்தை தூக்கிப்போட்டாலோ, கண் ஆடினாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வேறு எதுவோ, போகும்போது மிச்சமிருக்கும் தண்ணீரையும் பொட்டலத்தில் உள்ள பூவையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை சங்கு கொடுத்தோம் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால், காரணம் தேடி அந்தப் பிஞ்சின் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டிவரும்.