பில்லில் ஏற்றாதீர்கள், ஒர்க் ஆர்டரில் ஏற்றுங்கள்

ஒரே நிறுவனத்துக்குப் பல வருடமாக மொழிபெயர்த்துத் தருகிறவர்கள் கட்டணம் உயர்த்தும் விதத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஐந்தாறு வருடம் வாயே திறக்க மாட்டார்கள். பிறகு ஒரு மாதம், சொல்லாமல் கொள்ளாமல் பில்லில் புது விலையைப் போடுவார்கள். கணக்குப் பிரிவு அதைப் பழைய விலைக்கு வெட்டும், அல்லது பில்லையே நிறுத்திவைக்கும். உடனே வாட்ஸ்அப்பில் மனத்தாங்கல்.

முதலில் உங்கள் கணக்கைப் போடுங்கள். சொல்லுக்கு 1 ரூபாய் வீதம் மாதம் 20,000 சொற்கள் செய்கிறீர்கள் என்றால் வரவு 20,000 ரூபாய். விலையை 1.25 ஆக்கிய பிறகு 16,000 சொற்களே வந்தாலும் அதே 20,000 கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு வேலை குறையும்வரை நஷ்டமில்லை என்று தெரிந்துவிட்டால் பேசும்போது குரல் நடுங்காது. ஆனால் உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால், இன்னொரு இடம் பிடித்துக்கொண்டு பிறகு கேளுங்கள்.

பல நிறுவனங்களில் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் ஏப்ரலுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே ஜனவரியிலேயே, உங்களுக்கு வேலை தரும் அதிகாரியிடம் போனில் பேசுங்கள். வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு என்று புலம்ப வேண்டாம். அது அவர் பிரச்சினை இல்லை. விலை எத்தனை வருடமாக அப்படியே இருக்கிறது, இப்போது கூடுதலாக என்னென்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். முன்பு இல்லாத மெய்ப்புத் திருத்தமும் இன்று உங்கள் தலையில்தானே விழுகிறது?

அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: “ஏப்ரல் 1 முதல் தரப்படும் புதிய பணிகளுக்குச் சொல்லுக்கு 1.25 ரூபாய். அதற்கு முன் ஒப்புக்கொண்ட பணிகளைப் பழைய விலையிலேயே முடித்துத் தருகிறேன்.” இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஒப்புக்கொண்ட வேலைக்கு நடுவில் விலையேற்ற உங்களுக்கு உரிமையில்லை. சண்டை மூளும் இடமும் அதுதான்.

அவர் “சரிங்க, பண்ணிடலாம்” என்பார். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பில் பாஸ் செய்கிறவர் அவர் இல்லை. கணக்குப் பிரிவுக்குத் தெரிந்தது ஒர்க் ஆர்டரில் உள்ள விலை மட்டுமே. திருத்திய ஒர்க் ஆர்டர் கைக்கு வரும்வரை புது விலையில் வேலையைத் தொடங்க வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், வாய்ச்சொல் போதாது. புது ஆர்டரின் எண்ணைப் பில்லில் குறிப்பிடுங்கள். அப்படியும் வெட்டினால் அதிகாரியிடம் கோபித்துக்கொள்ளாமல், ஆர்டர் நகலோடு கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள்.

பட்ஜெட் இல்லை என்று மறுத்தால், சொல் விலையைத் தொடாமல் அதில் அடங்கும் வேலையைக் குறைக்கலாம்: மெய்ப்புத் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம், அவசர வேலைக்குக் கூடுதல் கட்டணம். இதையும் ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்குங்கள்.