மொட்டை மாடியில் மாலைப் பொழுது

கோடைக்காலத்தில் மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நின்று பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. கதிரவன் மேற்கே சாய்ந்துவிட்டான், கடற்காற்றும் வீசுகிறது, ஆயினும் கால் சுடுகிறது. தலைக்கு மேலே குளிர்ச்சி, காலுக்குக் கீழே வெப்பம். பகலெல்லாம் தளம் வாங்கிச் சேர்த்து வைத்த சூட்டை இரவு எட்டு ஒன்பது மணி வரையில் சிறிது சிறிதாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே மாடியை மாலையில் அமரும் இடமாக ஆக்க விரும்புகிறவர், மாலையில் நம்மை எப்படிக் குளிர்விப்பது என்று கேட்பதைக் காட்டிலும், பகலில் தளத்தை எப்படிச் சூடேறாமல் காப்பது என்று கேட்பதே பொருந்தும். நிழல், தரை, விளக்கு ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியை ஒட்டியே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

சென்னையில் திருவல்லிக்கேணிப் பக்கம் என் நண்பர் ஒருவருக்கு ஒரு பழைய வீடு உண்டு. அவருடைய தந்தையாருக்கு மூச்சிரைப்பு. தெருவில் இறங்கிக் கடற்கரை வரை நடக்க இயலாது. படியேறினால் மாடிதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய திறந்த வெளி. நண்பர் மாடியின் மேற்குப் பகுதியில் எட்டடி உயரத்தில் கால்கள் நாட்டி, பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவில் துணிப் பந்தல் ஒன்றைப் படுக்கையாகக் கட்டியிருந்தார். பந்தல் இருந்தும் மாலையில் தரை சுட்டது. காரணம் என்ன என்று என்னைக் கேட்டார்.

காரணம் நிழலின் கணக்கில் இருந்தது. சென்னையில் மே மாதத்தில் நண்பகல் வேளையில் கதிரவன் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறான். அப்பொழுது பந்தலின் நிழல் பந்தலுக்கு நேர் கீழே விழுகிறது. மூன்று மணிக்கு அதே நிழல் ஏழடி கிழக்கே நகர்ந்துவிடுகிறது. நான்கு மணிக்குச் சுமார் பன்னிரண்டடி நகர்ந்துவிடுகிறது. அதாவது பன்னிரண்டடி அகலமுள்ள பந்தலின் நிழல், நாம் உட்காரப்போகும் இடத்தை முழுவதும் விட்டுவிட்டு, யாரும் உட்காராத கிழக்குத் தளத்தில் கிடக்கிறது. பந்தல் ஓரிடம், நிழல் ஓரிடம். பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து சாய்வாக நுழைந்து தரையைக் காய்ச்சுகிறது.

இதற்குப் பரிகாரம் பந்தலைச் சாய்ப்பதுதான். கிழக்கு ஓரத்தை எட்டடி உயரத்திலேயே வைத்துக்கொண்டு, மேற்கு ஓரத்தை நாலடிக்கு இறக்கினோம். இப்பொழுது மேற்குக் கைப்பிடிச் சுவரும் சாய்ந்த பந்தலும் சேர்ந்து மாலை வெயிலை மறித்துவிடுகின்றன. காலை வெயில் கிழக்கு வாய் வழியே நுழையத்தான் செய்யும். ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் அது பின்வாங்கிவிடுவதால், அந்தச் சூடு மாலைக்குள் பெரும்பாலும் ஆறிவிடுகிறது.

பொழுது சாய்ந்ததும் பந்தலைச் சுருக்கிவிட வேண்டும் என்பது இதைப் போலவே முக்கியமானது. தெளிந்த இரவு வானத்தை நோக்கித் தரை தன் வெப்பத்தை வீசி ஆறுகிறது. மேலே ஒரு மறைப்பு இருந்தால் அந்த ஆறுதல் தடைப்படுகிறது. ஆகையால் பந்தல் நிலையாக இராமல், வளையங்களில் கோத்து, திரைச்சீலைபோல் கயிற்றால் இழுத்து ஒதுக்கக்கூடியதாக இருத்தல் நல்லது. நிலையான தகரக் கூரை போட்டவர்கள் பகலெல்லாம் காய்ந்த தகரத்தின் அடியில் மாலையில் அமர்ந்து வேர்ப்பதை நாம் காண்கிறோம்.

துணிக்குப் பதிலாக, நாற்றங்கால்களுக்குப் போடும் நிழல் வலையை வாங்கச் சொன்னேன். நூற்றுக்கு ஐம்பது, எழுபத்தைந்து, தொண்ணூறு என்று வெயிலை மறைக்கும் அளவைச் சொல்லி விற்கிறார்கள். எழுபத்தைந்து போதுமானது. அதன் கண்கள் வழியே காற்றும் ஊடுருவும் என்பதே அதன் சிறப்பு. கீற்றுப் பந்தல் இதைவிடக் குளிர்ச்சிதான். ஆனால் 2004-ஆம் ஆண்டில் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை எண்ணினால், விளக்கும் மின்கம்பியும் வரப்போகிற இடத்தில், இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு உள்ள மாடியில், காய்ந்த கீற்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனிக் கால்களை எங்கே ஊன்றுவது? தளத்தைத் துளைத்து ஊன்றவே கூடாது. மாடியின் மேல் நாம் காணும் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த ஓர் அடுக்கு உள்ளது. மழை நீர் வீட்டுக்குள் இறங்காமல் காப்பது அதுவே. ஒரு துளை போட்டால் நீர் அந்த அடுக்கில் பரவி, துளைக்குத் தொலைவான ஓர் அறையில் கசியும். பிறகு இடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கைப்பிடிச் சுவரில் கட்டலாமே என்பார்கள். அந்தச் சுவர் சாய்ந்து நிற்பவரைத் தாங்கும். காற்றின் இழுப்பைத் தாங்குவதற்கென்று கட்டப்பட்டதன்று.

ஆகவே கனத்தைக் கொண்டே கால்களை நிறுத்தினோம். காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், மறைப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 17 கிலோ அழுத்தம் விழுகிறது. நண்பரின் பந்தல் 11 சதுர மீட்டர். துணியாக இருந்தால் மொத்தம் 190 கிலோ தூக்கும் விசை. பக்கத்துக்கு ஓரடி உள்ள கான்கிரீட் கட்டை ஒன்று சுமார் 68 கிலோ நிறுக்கும். நான்கு மூலைக்கு நான்கு கட்டைகள் என்றால் 270 கிலோ. வலையில் காற்று ஊடுருவுவதால் விசை இன்னும் குறையும். கட்டைகளைக் கீழே வார்த்துத் தூக்கிவர முடியாது. மாடியிலேயே, தாள் விரித்து, பலகை அடைத்து வார்த்து, நடுவில் குழாய்த் துண்டு பதித்து, ஏழு நாள் நீர் தெளித்து இறுக விட்டோம். கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து ஒவ்வொன்றையும் வைத்தோம். குழாயில் சவுக்குக் கழியைச் செருகி, நான்கு கழிகளின் தலைகளையும் மூங்கிலால் பிணைத்துக் கட்டியதும் பந்தல் ஆடாமல் நின்றது. இவ்வளவும் வழக்கமான காற்றுக்குத்தான். இடி மழையின் முன்னோடியாக வரும் சூறைக்கு, இழுத்தால் அவிழும் முடிச்சும், வலையை உடனே சுருக்கும் கையுமே காவல்.

அடுத்தது தரை. பழைய தரையின் மேல் அழகான புதுத் தரை ஒன்று போட நண்பர் ஆசைப்பட்டார். ஓரங்குலக் கனத்துக்குச் சிமெண்டுக் கலவை போட்டால் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ ஏறும். இருநூறு சதுர அடிக்கு ஒரு டன். மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய சென்னைத் தளத்தின் மீது, பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் அந்தப் பாரத்தை ஏற்றுவது தகாது. அதனால் இருந்த தட்டோட்டையே சீர்ப்படுத்தினோம். நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்த்தால், பிடிப்பு விட்ட ஓடு பொள்ளலாக ஒலிக்கும். அவற்றை மட்டும் எடுத்து மீண்டும் பதித்தோம். பிறகு நான்கு வாளி நீரை ஊற்றி அது ஓடும் வழியைக் கவனித்தோம். அரை மணிக்குப் பின்னும் நீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கேதான் பள்ளம். பத்தடிக்கு இரண்டு மூன்று அங்குலமாவது நீர்ப்போக்கியை நோக்கிச் சரிவு வேண்டும்.

தளம் முழுவதற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு இருமுறை பூசினோம். அமரும் இடத்துக்கு மட்டும் பூசினால் போதாது; சுற்றியுள்ள தரையின் அனலும் நம்மைத் தீண்டும். கைப்பிடிச் சுவரிலும் ஒரு நுட்பம் உண்டு. கிழக்குச் சுவரின் உட்புறம் மேற்கு நோக்கி இருப்பதால் பிற்பகல் வெயில் முழுவதையும் அது வாங்குகிறது. அதில் முதுகு சாய்த்தால் சுடும். மேற்குச் சுவரின் உட்புறமோ நண்பகலிலிருந்து நிழலில் இருக்கிறது. ஆகவே மேற்குப் பக்கம் அமர்ந்து கிழக்கே பார்ப்பதே நலம். கடற்காற்றும் முகத்துக்கு நேரே வரும். தரையில் உட்கார்ந்தால் சுவர் அக்காற்றை மறைக்கும் என்பதால், பெரியவருக்குக் கயிற்றுக் கட்டில் ஒன்று போட்டோம். மற்றவர்களுக்குக் கோரைப்பாய். செயற்கைப் புல் விரிப்பை வேண்டாம் என்றேன். வெயிலில் அது தட்டோட்டைவிடக் கடுமையாகச் சுடும், அடியில் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

ஐந்தரை மணிக்கு இரண்டு வாளி நீரைத் தெளிப்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த முறை. ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல் எட்டு மடங்கு வெப்பத்தை, அந்த நீர் ஆவியாகும்பொழுது தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் குட்டை கட்டும்படி ஊற்றினால் பயனில்லை. மெல்லிய ஈரமாகப் பரவினால்தான் விரைவில் ஆவியாகும்.

கடைசியாக விளக்கு. உயரத்தில் ஒரு வெண்மையான விளக்கைத் தொங்கவிட்டால் கண் கூசும், பூச்சிகளும் திரளும். நீலம் கலந்த வெள்ளொளியைக் காட்டிலும் மஞ்சள் ஒளி பூச்சிகளைக் குறைவாகவே இழுக்கிறது. கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடியிட்ட சிறிய மஞ்சள் எல்.இ.டி. விளக்குகள் மூன்று போதும். ஒன்றைப் படிக்கட்டின் வாயிலில் கட்டாயம் வைக்க வேண்டும். முதியவர் இடறுவது அங்கேதான். மழையில் நனையும் இடமாகையால் 12 வோல்ட் விளக்குகளே தக்கவை. அவற்றுக்கு மின்சாரத்தைக் குறைத்துத் தரும் பெட்டியும் பொத்தானும் மாடிப்படிக் கூரைக்கு உள்ளே இருக்கட்டும். வீட்டு மின்பலகையில் கசிவைக் கண்டு தானே அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் காப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காவல்களைச் சொல்லி முடிக்கிறேன். கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். கட்டிலையோ திண்ணையையோ அதை ஒட்டிப் போட்டால் அதன்மேல் ஏறி நிற்கும் குழந்தைக்குச் சுவர் முழங்காலளவே ஆகிவிடும். ஆதலால் மூன்றடி இடைவெளி விட்டே எந்த இருக்கையையும் போடுங்கள். மற்றொன்று, வடகிழக்குப் பருவ மழை தொடங்குமுன், செப்டம்பர் முடிவதற்குள், வலையையும் கழிகளையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். நான்கு கட்டைகளின் கனம் அதற்கு ஈடு கொடுக்காது. பறந்து செல்லும் கழி அடுத்த வீட்டாரின் தலைக்கே ஆபத்தாகும். மீண்டும் மார்ச்சு மாதத்தில், வெயில் கடுமையாகுமுன், கட்டிக்கொள்ளலாம்.