முட்டை ஓடு மெலிவதேன்?

ஆந்திரத்தின் புத்தூர், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் கோடை வெப்பம் மிகும்போது பண்ணைக் கோழிகள் மெல்லிய ஓட்டுடன் முட்டையிடுவதுண்டு. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து உரிய அளவில் கலந்திருந்தும் இக்குறை நேர்வதற்குக் காரணம் என்ன?

ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2.2 கிராம் கால்சியம் உள்ளது. நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் உண்ணும் கோழிக்கு, 4 சதவீதக் கால்சியக் கலவையில் 4.4 கிராம் கிடைக்கும். அதில் பாதியளவே உடலில் சேரும். வெப்பத்தால் தீவனம் 90 கிராமாகக் குறையின் கிடைப்பது 3.6 கிராமே.

ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் அதற்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் குருணையோ அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். எனவே கோழிக்கு 2 கிராம் வீதம், ஆயிரம் கோழிகளுக்கு 2 கிலோ குருணையை மாலையில் அளித்தால் 0.8 கிராம் பற்றாக்குறை ஈடாகும். கருங்கல் பொடி இதற்குப் பயன்படாது. காடி ஊற்றினால் கிளிஞ்சல் நுரைக்கும், கருங்கல் நுரைக்காது.

குருணையால் மட்டும் எல்லாக் குறையும் தீராது. கோழி வாய் திறந்து இரைக்கையில் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறுவதால், ஓட்டுக்குத் தேவையான கார்பனேட்டும் குறையும். இதற்குக் குளிர்ந்த நீரும் காற்றோட்டமும் வேண்டும். தோல்முட்டைகள் திடீரெனப் பெருகினால் வைட்டமின் டி3 குறைவை ஆராய வேண்டும். சுருங்கிய ஓட்டுடன் தும்மலும் முட்டைக் குறைவும் காணப்படின், அது தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரின் ஆய்வு தேவை.